ஆறு மில்லிமீட்டர் வளைவு: குழாய்த் தூண் கணக்குக்குக் கீழேயே ஏன் மடிகிறது

கடலூர்ப் பக்கம் சென்ட்ரிங் முட்டுக்குச் சவுக்குக் கம்பு எடுக்கப் போகும் மேஸ்திரியைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பின் ஒரு நுனியைத் தோள் உயரத்துக்குத் தூக்குவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் கம்பின் நீளத்தோடு பார்ப்பார். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் அந்தக் கம்பு பந்தலுக்குப் போகும், முட்டுக்கு வராது. எந்தக் கல்லூரியிலும் படிக்காத அந்தப் பார்வையில் தூண்களைப் பற்றிய மிக முக்கியமான உண்மை இருக்கிறது. அதே மேஸ்திரி இரும்புக் குழாய் வாங்கும்போது இப்படிப் பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து வந்தது நேராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கடலூர் முதுநகரில் ஒரு முந்திரிக் கிடங்கில் பார்த்தேன். பண்ருட்டியிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை மூட்டைகளை அடுக்கி வைக்கும் இடம். தரையில் இடம் போதாமல், சுவரோரமாக 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு பரண் போட்டிருந்தார்கள். சுவர்ப் பக்கம் மூன்று குழாய்த் தூண்கள், நடைபாதைப் பக்கம் மூன்று. மூட்டைகளை இரண்டு அடுக்கு ஏற்றிய பிறகு, நடைபாதைப் பக்கத்து நடுத்தூண் கொஞ்சம் வயிறு தள்ளித் தெரிவதாக உரிமையாளருக்குச் சந்தேகம். அவருடைய மகன் பொறியியல் படிக்கிறான். அவன் ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"சார், ஆய்லர் கணக்கில் இந்தத் தூண் 5.8 டன் தாங்கும். பாதியை விட்டுவிட்டாலும் 2.9 டன் வருகிறது. மூன்று அடுக்கு ஏற்றினாலும் இரண்டரை டன்னுக்குள்தான். பிறகு ஏன் இது வளைகிறது?"

அவன் கணக்கில் ஒரு எண் கூடத் தப்பில்லை. கேள்வியும் சரியான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தூணின் விவரம். 60.3 மி.மீ. வெளிவிட்டம், 3.6 மி.மீ. தடிமன் கொண்ட குழாய். நாம் பேச்சில் இரண்டு அங்குலக் குழாய் என்போமே, அதுதான். உயரம் 3 மீட்டர். குழாயின் வெட்டுமுகத்தில் இருக்கும் இரும்பின் பரப்பு 641 சதுர மில்லிமீட்டர். இந்த ரக எஃகு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 24½ கிலோ வரை தாங்கும்; அதற்கு மேல் போனால் நிரந்தரமாக இளகிவிடும். நசுக்குவதை மட்டும் பார்த்தால் இந்தத் தூண் 15.7 டன் தாங்க வேண்டும்.

நீளமான தூண் நசுங்கி உடைவதில்லை, பக்கவாட்டில் வளைந்து மடிகிறது. அந்தச் சுமையைக் கணக்கிடும் வாய்பாட்டை 1744இல் லெயோன்ஹார்ட் ஆய்லர் தந்தார்:

Pₑ = π²EI / L²

E என்பது எஃகின் விறைப்பு. I என்பது வெட்டுமுகத்தின் வடிவத்திலிருந்து வரும் எண்; இந்தக் குழாய்க்குச் சுமார் 2,58,700 மி.மீ.⁴. L என்பது உயரம். எண்களைப் போட்டால் 5.8 டன். இந்த வாய்பாட்டில் எஃகின் வலிமை எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு மடங்கு வலிமையுள்ள எஃகைப் போட்டாலும் விடை மாறாது, ஏனென்றால் எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆய்லரின் தூண் கணிதத் தூண். நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும். சுமை அதன் நடுமையத்தில் ஒரு மயிரிழை கூட விலகாமல் இறங்கும். அப்படிப்பட்ட தூண் 1 டன்னில் வளையாது, 3 டன்னில் வளையாது, 5.7 டன்னிலும் வளையாது. 5.8 டன்னைத் தொட்டதும், எந்தப் பக்கம் தட்டினாலும் அந்தப் பக்கமே வளைந்து நிற்கும். அதுவரை பக்கவாட்டு அசைவு பூஜ்யம், அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும்.

உண்மைத் தூணுக்கு இப்படி ஒரு கணம் வருவதே இல்லை. அது முதல் கிலோவிலேயே வளையத் தொடங்குகிறது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, சமையலறைத் தராசின் மேல் நிறுத்தி விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எத்தனை முறை செய்தாலும் குச்சி ஒரே பக்கம்தான் வளையும். அதன் பிறவி வளைவு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். தராசின் எண் முதலில் வேகமாக ஏறும். குச்சி வளைய வளைய ஏற்றம் சோம்பும். பிறகு விரலை எவ்வளவு கீழே இறக்கினாலும் எண் அநேகமாக அங்கேயே நிற்கும். நின்ற அந்த எண்ணை ஒட்டித்தான் ஆய்லர் சுமை இருக்கிறது. ஈர்க்குச்சி அவ்வளவு வளைந்தும் உடையாததால் அந்த எண்ணை எட்டிப் பார்க்க முடிந்தது. இரும்புக் குழாய்க்கு அந்த வசதி கிடையாது.

கிடங்கில் நான் செய்த முதல் வேலை நூல் பிடித்தது. பரண் பக்கமாக, தூணின் தலையிலும் அடியிலும் குழாயை ஒட்டினாற்போல நூலை இழுத்துப் பிடித்து, நடு உயரத்தில் நூலுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தோம். இரண்டு அடுக்கு மூட்டை மேலே இருக்கும்போது 21 மி.மீ. வயிறு நடைபாதைப் பக்கம் தள்ளியிருந்தது. பரணைக் காலி செய்யச் சொன்னேன். உரிமையாளர் முகம் சுளித்தார், ஆனால் செய்தார். காலியான பிறகு 7 மி.மீ. அதாவது குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எஃகு இன்னும் இளகவில்லை. பரணின் சொந்த எடையால் வருவதைக் கழித்தால், குழாயோடு கூடப் பிறந்த வளைவு 6 மி.மீ. என்று கொள்ளலாம். மூன்று மீட்டரில் ஆறு மில்லிமீட்டர், ஐந்நூறில் ஒரு பங்கு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. மேஸ்திரி சவுக்குக் கம்பைப் பார்ப்பதுபோல நீளத்தோடு பார்த்தால் தெரியும்.

இந்த 6 மி.மீ. என்ன செய்கிறது? சுமை நேர்கோட்டில் இறங்கப் பார்க்கிறது, குழாயோ நடுவில் 6 மி.மீ. தள்ளி நிற்கிறது. சுமையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கினால் வருவது குழாயை மேலும் வளைக்கும் திருப்பம். அந்தத் திருப்பத்தால் குழாய் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. தள்ளியதும் தூரம் கூடுகிறது, தூரம் கூடியதும் திருப்பம் கூடுகிறது, மறுபடி தள்ளுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போன்ற கதை இது. இதில் வட்டி விகிதம் என்ன என்பதுதான் அழகு: ஏற்றிய சுமை ஆய்லர் சுமையில் எத்தனை பங்கோ அதுதான் விகிதம்.

2 டன் ஏற்றினால், அது 5.8 டன்னில் சுமார் 35 சதவீதம். முதல் சுற்றில் 6 மி.மீட்டரின் 35 சதவீதம், அதாவது 2.1 மி.மீ. கூடுகிறது. அடுத்த சுற்றில் அந்த 2.1இன் 35 சதவீதம், 0.7. அடுத்து 0.25. இப்படியே தேய்ந்துகொண்டே போய், மொத்தம் 9.2 மி.மீட்டரில் நிற்கிறது. முடிவில்லாத இந்தக் கூட்டலைச் சுருக்கினால் ஒரே வரி:

δ = e₀ / (1 − P/Pₑ)

e₀ என்பது முதலில் இருந்த வளைவு, P ஏற்றிய சுமை, δ கடைசியில் நிற்கும் வளைவு. ஆய்லர் சுமையில் சரிபாதி ஏற்றினால் வளைவு இரட்டிப்பாகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் களத்தில் பல இடங்களில் உதவும். நம் குழாயில் 3 டன்னுக்கு 12.5 மி.மீ., 4 டன்னுக்கு 19.5, நாலரை டன்னுக்கு 27. விகிதம் நூறு சதவீதத்தை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றும் தேயாமல் அப்படியே நிற்கத் தொடங்கும். ஆய்லர் சுமையில் கூட்டல் முடிவதே இல்லை. காகிதத்தில் வளைவு எல்லையற்றதாகிவிடும். ஆக, ஆய்லர் சுமை என்பது உண்மைத் தூண் எட்டும் இடமன்று. எட்டாமல் நெருங்கிக்கொண்டே போகும் கூரை.

கூரையை நெருங்கும் வழியிலேயே எஃகு இளகிவிடுகிறது. குழாயின் குழிந்த பக்கத்தில் இரண்டு அழுத்தங்கள் சேருகின்றன. சுமையைப் பரப்பால் வகுத்தால் வரும் நேர் அழுத்தம் ஒன்று, வளைவால் வரும் அழுத்தம் மற்றொன்று. 2 டன்னில் இரண்டும் சேர்ந்து சதுர மில்லிமீட்டருக்கு 5.3 கிலோ. சுமையை இரண்டு மடங்காக்கி 4 டன் வைத்தால் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய மூன்று மடங்காகி 15.3 ஆகிறது. இன்னும் 700 கிலோ சேர்த்தால், அதாவது 4.7 டன் அருகில், 24½ என்ற எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆய்லர் சொன்னதில் 81 சதவீதம்தான் ஆயிற்று. வாய்பாட்டில் எட்டிப் பார்க்காத எஃகின் வலிமை, வளைவு வழியாக உள்ளே நுழைந்துவிட்டது.

எல்லையைத் தொட்ட அந்த நொடியே தூண் விழுந்துவிடும் என்பதில்லை. முதலில் இளகுவது குழிந்த பக்கத்தின் ஒரு மெல்லிய கீற்று மட்டும். மீதி வெட்டுமுகம் இன்னும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இளகிய பகுதி விறைப்பை இழக்கிறது, விறைப்பு குறைந்தால் ஆய்லரின் கூரையே கீழே இறங்குகிறது, வட்டி விகிதம் தானாக ஏறுகிறது. ஒல்லியான தூணில் இந்த மிச்சத்தை நம்பி யாரும் மூட்டை ஏற்றக் கூடாது.

பிறவி வளைவு மட்டும்தான் குறை என்றால் அந்தப் பையனின் கணக்கில் பெரிய ஆபத்து இல்லை. அவன் பாதியை விட்டுவைத்திருந்தான். கிடங்கில் அதைவிடப் பெரிய தவறு மேலேயும் கீழேயும் இருந்தது.

பரணைத் தாங்கும் நீண்ட சேனலைத் தூண்களின் தலைமேல் உட்கார வைக்காமல், பரண் பக்கமாகக் குழாயின் பக்கவாட்டில் ஒட்டிப் பற்றவைத்திருந்தார்கள். காரணத்தை வெல்டர் ஒளிக்காமல் சொன்னார்: "தலைமேல் வைக்க வேண்டுமென்றால் மூன்று குழாயையும் ஒரே மட்டத்தில் வெட்ட வேண்டும் சார். பக்கத்தில் ஒட்டினால் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம்." அவர் நிலைமையில் அது நியாயமான வசதி. ஆனால் அதனால் சுமை குழாயின் மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளி இறங்குகிறது. அடியிலும் அதே கதை. கழுவிவிடும் நீர் ஓட நடைபாதைப் பக்கம் தரை சரிவாக இருந்தது. அடித்தட்டுக்குக் கீழே கலவை நிரப்பாததால், தட்டு பரண் பக்கத்து ஓரத்தில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு தகட்டுத் துண்டை நடைபாதைப் பக்கமாகச் செருகினால் தடையில்லாமல் உள்ளே போயிற்று. மேலும் கீழும் சுமை பரண் பக்கமே விலகி இறங்க, குழாயின் பிறவி வளைவோ எதிர்ப்பக்கம், நடைபாதையைப் பார்த்து. மூன்று குறைகளும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. குழாயை நிறுத்தும்போது அரைச் சுற்று திருப்பி நிறுத்தியிருந்தால் வளைவு விலகலைக் கொஞ்சமாவது ஈடுகட்டியிருக்கும்.

அடியிலும் விலகல் 30 மி.மீ. என்றே வைத்துக் கணக்குப் போட்டேன். மைய விலகல் மட்டும் இருந்து குழாய் நேராக இருந்தால், எஃகு இளகத் தொடங்கும் சுமை 2.7 டன். வளைவும் சேர்ந்தால் 2.5 டன். ஆய்லர் சொன்ன 5.8இல் பாதி கூட இல்லை. பையன் "பாதியை விட்டுவிட்டாலும்" என்று சொன்ன 2.9 டன் இந்த எல்லைக்கு மேலே இருக்கிறது.

இனி மூட்டைகளை ஏற்றுவோம். நடுத்தூணின் பங்குக்கு வரும் பரண் நாலரைச் சதுர மீட்டர். ஒரு மூட்டை 80 கிலோ, அது பிடிக்கும் இடம் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர். ஆக ஓர் அடுக்குக்கு ஒன்பது மூட்டை, 720 கிலோ. பரணின் சொந்த எடையில் இந்தத் தூணின் பங்கு 180 கிலோ. ஓர் அடுக்கு ஏற்றியதும் தூணின் மேல் 900 கிலோ. குழாயின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 6 கிலோ. இரண்டாவது அடுக்கில் 1620 கிலோ, அழுத்தம் 12½. மூன்றாவதில் 2340 கிலோ, அழுத்தம் 21½. ஒவ்வொரு அடுக்கின் எடையும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது அடுக்கு கூட்டியது ஆறரை, மூன்றாவது கூட்டியது ஒன்பது. நான்காவது அடுக்கு வந்தால் கணக்கு 35 என்கிறது, எஃகால் முடிந்ததோ 24½.

நூல் இடைவெளியும் இதே வேகத்தில்தான் போகும்: ஓர் அடுக்கில் 14 மி.மீ., இரண்டில் 23, மூன்றில் 35. நாங்கள் இரண்டு அடுக்கில் அளந்தது 21. கணக்கு 23 என்றது. முனைகள் இரண்டும் கீல்போலத் தடையின்றித் திரும்பும் என்று கணக்கு கொள்கிறது. உண்மையில் பற்றவைப்பும் அடித்தட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அடியில் சுமை சரியாக மையத்தில் இறங்கி, மேலே மட்டும் விலகல் இருந்திருந்தால் எல்லை 2.5 டன்னிலிருந்து 3.2 டன் அருகே ஏறியிருக்கும். ஒரு சட்டிக் கலவை அடித்தட்டின் கீழே போயிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது அது.

இப்படிப்பட்ட தூணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கண்ணால் பார்ப்பதைவிட நூலை நம்புங்கள் என்பேன். ஒரு தடவை அளந்தால் போதாது. சுமை ஏற ஏற இரண்டு மூன்று முறை அளந்து, சமமான எடைக்கு இடைவெளி சமமாகக் கூடுகிறதா, கூடக்கூட அதிகமாகிறதா என்று பாருங்கள். பிறகு சுமையை இறக்கியும் அளக்க வேண்டும். இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் எஃகு இளகிவிட்டது. அந்தக் குழாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நடு உயரத்தில், குழிந்த பக்கத்தில் பெயின்ட் குறுக்காகச் சிலும்பி உரிந்திருந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

ஆய்லருக்குப் பிறகு வந்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. தாமஸ் யங் 1807இல் வெளியிட்ட விரிவுரைகளிலேயே முதலில் வளைந்த தூணையும் விலகி இறங்கும் சுமையையும் ஆராய்ந்துவிட்டார். 1886இல் அயர்டன், பெர்ரி இருவரும், எல்லாத் தூணிலும் ஏதோ ஒரு பிறவி வளைவு உண்டு என்று வைத்துக்கொண்டு, குழிந்த பக்கம் இளகும் சுமையே தூணின் எல்லை என்று வாய்பாடு எழுதினார்கள். மேலே நான் போட்டது அவர்கள் வழிக் கணக்குத்தான். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் வளைவு என்று வைத்துக்கொள்வது? ராபர்ட்சன் 1925இல் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டு அதற்கு ஓர் எண்ணைத் தந்தார்: தூணின் ஒல்லித்தன்மையோடு சேர்ந்தே ஏறும் குறை, பெருக்கும் எண் 0.003. அந்த எண்ணை முதுநகர்க் குழாயில் போட்டுப் பார்த்தேன். வளைவு 6 மி.மீ. என்று வந்தது. நூல் பிடித்து அளந்ததும் அதே 6. எல்லாக் குழாயிலும் இப்படிப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஆனால் அன்று அந்தத் தாளைப் பார்த்தபோது மெய்சிலிர்த்தது.

எஃகுக் கட்டுமானத்துக்கான நம் நாட்டு IS 800 விதிநூலின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பும் இந்த வழியில்தான் போகிறது. வெட்டுமுகத்தின் வகையைப் பொறுத்து a, b, c, d என்று நான்கு வளைகோடுகள். குளிர் முறையில் உருவான குழாய்க்கு b. அதன்படி நம் தூணின் எல்லை 4.6 டன். வளைவை மட்டும் வைத்து நான் கண்ட 4.7 டன்னுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விதிநூல் தன் கணக்குக்குள் ஒளித்துவைத்திருக்கும் வளைவைப் பிரித்தெடுத்தால் 6.6 மி.மீ. வருகிறது. குழாயை உருட்டி, மடித்து, பற்றவைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் தகைவுகளும் அந்த அளவில் அடக்கம். பாதுகாப்புக் காரணிகளைக் கழித்த பிறகு, கிடங்கில் அன்றாடம் ஏற்றத்தக்க சுமை 2.8 டன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விதிநூல் ஒளித்துவைத்திருப்பது குழாயின் பிறவிக் குறையை மட்டும்தான். சேனலைப் பக்கத்தில் ஒட்டுவதால் வரும் 30 மி.மீ. விலகல் அதற்குள் கிடையாது. அது நாம் தெரிந்தே செய்த விலகல். அதன் வளைப்பைத் தனியாகச் சேர்த்துத்தான் சரிபார்க்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து "2.8 டன் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, தூணின் பக்கத்தில் உத்தரத்தை ஒட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணம்.

உயரம் குறைந்தால் இந்தக் குறைகள் மறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இதே குழாயை 1.8 மீட்டருக்கு வெட்டினால், ஆய்லர் சுமையும் நசுங்கும் சுமையும் ஒன்றாகி, இரண்டுமே 15.7 டன் அருகில் வரும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பதினைந்து டன் தாங்கும் போலத் தோன்றும். விதிநூலின் b வளைகோடு அங்கே 9.5 டன்தான் தருகிறது, நாற்பது சதவீதம் இழப்பு. மிக ஒல்லியான தூண் ஆய்லரை ஒட்டியே போகும், மிகக் குட்டையான தூண் நசுங்கும் சுமையை ஒட்டிப் போகும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூணில்தான் சின்ன வளைவு பெரிய பங்கைத் தின்கிறது.

முதுநகர்ப் பரண் சுவரில் நன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் தூணின் தலை பக்கவாட்டில் நகராது என்று கணக்கிட முடிந்தது. அந்தப் பிணைப்பு இல்லாமல் தலை ஊசலாடினால், அடியை அசையாமல் இறுகப் பிடித்திருந்தாலும் தூண் இரண்டு மடங்கு உயரமானதுபோல நடந்துகொள்ளும்; ஆய்லர் சுமையே காலாகி ஒன்றரை டன்னுக்குள் இறங்கிவிடும். கடலோரத் திறந்த கொட்டகைகளில் காற்றையும் இதோடு சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை மறந்தவர்கள் இங்கே இல்லை. காற்று தூணைப் பத்து மில்லிமீட்டர் வளைத்தால், மேலேயிருக்கும் சுமை அந்தப் பத்தையும் அதே வட்டிக்கு வட்டிக் கணக்கில் பெருக்கும்.

கிடங்கில் புதிதாக இரும்பு எதுவும் பெரிதாக வாங்கவில்லை. பரணுக்கு ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு சேனலைக் கழற்றினோம். மூன்று குழாய்களின் தலையையும் நீர்மட்டக் குழாய் வைத்து ஒரே மட்டத்துக்கு வெட்டி, தொப்பித் தட்டு பற்றவைத்து, சேனலை அதன்மேல் உட்கார வைத்தோம். சேனல் நடுத்தூணின் இரண்டு பக்கமும் ஓடுவதால் இரு பக்கச் சுமையும் மையத்திலேயே இறங்குகிறது. அடித்தட்டைத் தூக்குக்குண்டு பார்த்து நிமிர்த்தி, கீழே சிமென்ட் கலவையை இறுக்கமாகத் திணித்தோம். கலவை இறுகும் வரை இரண்டு வாரம் பரண் காலியாகவே கிடந்தது. பையன் அந்த நாட்களில் கணக்கை மறுபடி போட்டிருந்தான். மூன்று அடுக்கில் நூல் இடைவெளி 10 மி.மீ. வர வேண்டும், அழுத்தம் 21½ கிலோவிலிருந்து 6½க்குக் கீழே இறங்க வேண்டும் என்று தாளில் எழுதி, என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது அடுக்கின் கடைசி மூட்டை ஏறியதும் அவனே ஏணியில் ஏறி நூலைப் பிடித்தான். கீழே நான் பிடித்துக்கொண்டேன். வெல்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "பத்தைத் தாண்டவில்லை சார்" என்றார். நான்காவது அடுக்கு 3.06 டன், விதிநூலின் 2.8க்கு மேல். அதனால் சுவரில் மூன்றாவது அடுக்கின் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொன்னேன். அதை உரிமையாளரே போட்டார்.